40 எடுத்தும் பெயில் ஏன்?

கேள்வி: காசிமேட்டில் இருக்கிறேன். பிளஸ் டூவில் மற்ற பாடங்களில் பாஸ். இயற்பியலில் எழுத்துத் தேர்வு 11, செய்முறை 19, அகமதிப்பீடு 10, மொத்தம் 40. ஆனாலும் பெயில் என்று வந்திருக்கிறது. 35 எடுத்தால் பாஸ் இல்லையா? ஒரு வருடம் போய்விட்டதா? அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.
- ஒரு மாணவி

பதில்: கணினித் தவறு இல்லைம்மா. செய்முறை உள்ள பாடத்தில் மொத்தம் 35 வந்தால் மட்டும் போதாது. 70 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் தனியாக 15 எடுத்தாக வேண்டும். பல வீடுகளில் இந்த விதி ரிசல்ட் அன்றைக்குத்தான் தெரியவருகிறது. உனக்கு 4 மார்க்தான் குறைந்திருக்கிறது.

செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்த அந்த 29 உன் கையிலேயே இருக்கிறது. துணைத்தேர்வில் எழுத்துத் தாள் மட்டும் எழுதினால் போதும். சில வருடங்களாக அது ஜூன் கடைசி வாக்கில் நடக்கிறது. விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் தருவார்கள், அதனால் நாளைக்கே பள்ளிக்குப் போ. விடைத்தாள் நகலுக்கும் எழுதிக் கொடு. நகல் வாங்கினால்தான் மறுமதிப்பீடு கேட்க முடியும். ஆனால் அந்த முடிவுக்காகத் துணைத்தேர்வு விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதே. தேதி போனால் போனதுதான்.

நகல் வந்ததும் மார்க்கைப் பார்க்காதே, எதை எழுதாமல் விட்டாய் என்று பார். 11 எடுத்தவர்களின் தாளில் பெரும்பாலும் தப்பான விடையைவிட வெற்று இடம்தான் அதிகம். தாளில் ஒரு மார்க் கேள்விகள் 15. புத்தகத்தின் பாட இறுதிக் கேள்விகளைத் தினம் ஒரு பாடமாகப் போட்டுப் பார்த்தால் அதில் 8 வரும். இரண்டு மார்க்கில் மூன்று சரியாக எழுதினால் 14. ஐந்து மார்க்கில் ஒன்றே ஒன்று, வீட்ஸ்டன் சமனச்சுற்று மாதிரி, முழுசாக வந்தால் 19. அந்தச் சமன்பாடு பாதியில் நின்றாலும் சுற்றுப்படத்தை வரைந்து, கிர்க்காஃப் விதியை எழுதி வை. படிக்குப் படி மார்க் உண்டு. 15-ஐ மட்டும் குறிவைக்காதே. ஒரு மார்க்கில் இரண்டு சறுக்கினாலும் தாங்குகிற மாதிரி இருக்கட்டும்.

வருடம் போகவில்லை. துணைத்தேர்வில் பாஸ் ஆனவர்களுக்கென்றே பொறியியலில் துணைக் கலந்தாய்வு வைக்கிறார்கள். கலைக் கல்லூரி என்றால் வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியிலும், பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியிலும் இடம் காலி இருக்கிறதா என்று நேரில் போய்க் கேள். நீ விரும்பிய பிரிவு அதற்குள் நிரம்பியிருக்கலாம், அதற்கும் தயாராக இரு.

அப்புறம் அப்பா. ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிறவர் என்றால் வீட்டில்தான் வலை பின்னிக்கொண்டிருப்பார். விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கும் சாக்கில் பக்கத்தில் உட்கார். மார்க் பட்டியலை நீட்டுவதற்கு முன்னால், "15 வேணும்பா, 11 வந்திருக்கு, அடுத்த மாசம் திரும்ப எழுதறேன்" என்று சொல்லிவிடு.