இரவில் வெருண்டு கத்தும் பிள்ளை, தூக்கத்தில் நடக்கும் பிள்ளை: சிறுவர் மருத்துவரிடம் கேள்வி பதில்

கேள்வி (வெள்ளவத்தை, தாய்): மகனுக்கு 6 வயசு. ஜனவரியில முதலாம் வகுப்புக்குப் போகத் தொடங்கினதில இருந்து கிட்டத்தட்ட ஒவ்வொரு இரவும் 11 மணி போல எழும்பி இருந்து கத்துறான். கண் திறந்திருக்கு, என்னையே தள்ளி விடுறான். காலையில ஒண்டும் ஞாபகமில்லை. 9.50க்குப் படுப்பான், வேனுக்காக 5.15க்கு எழுப்புவன். மருந்து இருக்கா?

பதில்: உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. 9.50 முதல் 5.15 வரை ஏழரை மணித்தியாலம்கூட இல்லை. இந்த வயதில் குறைந்தது 9 மணித்தியாலம் வேண்டும். முன்பள்ளியில் மதியம் படுத்திருப்பான், இப்போது அதுவும் நின்றிருக்கும். தூக்கக் கடன் ஏறினால் முன்னிரவுத் தூக்கம் அளவுக்கு மீறி ஆழமாகும். அந்த ஆழத்திலிருந்து மூளை பாதிதான் மேலே வருகிறது: கத்தவும் ஓடவும் முடியும், உங்களை அடையாளம் காண முடியாது. அதனால்தான் தள்ளுகிறான், அதனால்தான் காலையில் நினைவில்லை.

முதல் வேலை, ஒரு கொப்பியில் இரண்டு நேரம் எழுதுங்கள்: உண்மையில் கண் அயர்ந்த நேரம், கத்தத் தொடங்கிய நேரம். 9.50க்கு அயர்ந்து 11.10க்குக் கத்தினால் இடைவெளி 80 நிமிடம். இரண்டு கிழமை எழுதினால் அந்த இடைவெளி பெரிதாக மாறாததைப் பார்ப்பீர்கள். மணிக்கூட்டு நேரத்தை விட்டுவிடுங்கள், இந்த இடைவெளிதான் முக்கியம்.

இரண்டாவது, படுக்கும் நேரத்தை மூன்று இரவுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் கொண்டுவந்து 8.15இல் நிறுத்துங்கள். ஏறக்குறைய மூன்று வாரம் பிடிக்கும். பல பிள்ளைகளுக்கு இதோடேயே குறைந்துவிடும்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு இரவும் வந்தால் மட்டும் மூன்றாவது: வழமையான நேரத்துக்கு 20 நிமிடம் முன்னால் எழுப்புவது. 8.15க்கு அயர்ந்தால் 9.35க்கு வரும், ஆகவே 9.15க்கு. தோளைத் தடவி, பெயர் சொல்லி, கண் திறந்து ஏதாவது முணுமுணுத்துப் புரண்டால் போதும். லைட் போட்டு, தண்ணீர் கொடுத்து, கதை பேசி முழுதாக எழுப்ப வேண்டாம். மூன்று வாரம் செய்து நிறுத்துங்கள். எழுப்பும்போதே கத்தத் தொடங்கினால் நீங்கள் பிந்திவிட்டீர்கள், அடுத்த நாள் 10 நிமிடம் முன்னால் போங்கள். இங்கே அதிகம் பிழைப்பது ஒன்று: படுக்கும் நேரத்தை மாற்றிவிட்டு, எழுப்புவதைப் பழைய நேரத்திலேயே வைத்திருப்பார்கள்.

கேள்வி (மருதானை, பாமசி வேலை): அலர்ஜி சிரப் கொஞ்சம் குடுத்தா நல்லா ஆழ்ந்து தூங்குவாங்கள். அதைத்தானே எல்லாரும் வாங்கிட்டுப் போறாங்கள்?

பதில்: தூக்கம் வரும் என்பது சரி, மற்றது பிழை. நோயே ஆழ்ந்த தூக்கத்திலிருந்து அரைகுறையாக விழிப்பதுதான், மயக்கம் கூட்டினால் அந்த விழிப்பு இன்னும் குழம்பலாம். புரோமெத்தசின் சேர்ந்த சிரப் 2 வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது, மூச்சு அடங்கும் ஆபத்து உண்டு. குளோனசெபாம் போன்ற மருந்தை, பிள்ளை காயப்படும் அளவுக்குப் போகும் அபூர்வமான சிலருக்கு, நிபுணர் கொஞ்ச நாள் கொடுப்பார். பகலில் பிள்ளை மந்தமாகும், நிறுத்தியதும் பழையபடி திரும்பலாம். தானாக வளர்ந்து விலகும் ஒன்றுக்கு அந்த விலை அதிகம். தயவுசெய்து கவுன்டரில் கொடுக்காதீர்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை, தகப்பன்): மகள் 8 வயசு, நடக்கிறாள். நாங்கள் நாலாம் மாடி. இரவில அறையைப் பூட்டி வைக்கலாமா?

பதில்: வெளியால் பூட்ட வேண்டாம். நெருப்புப் பிடித்தால் அவள் உள்ளே. பூட்ட வேண்டியது பல்கணி. தள்ளு கதவென்றால், கீழ்ச் சட்டத்தின் காடியில் துடைப்பக் கம்பு ஒன்றை அளவாக வெட்டிப் படுக்க வையுங்கள், கொக்கி போட்டாலும் இதையும் வையுங்கள். தூக்கத்தில் நடக்கும் பிள்ளை பழகிய கொக்கியைத் திறப்பாள், குனிந்து கம்பை எடுப்பது குறைவு. யன்னலுக்குக் கிரில் இல்லாவிட்டால் அது முதல் செலவு. கதிரை, ஸ்டூல், பொம்மைப் பெட்டி எதுவும் யன்னலடியிலும் பல்கணியிலும் நிற்கக் கூடாது, ஏறுவதற்குப் படி அதுதான். வெளிக் கதவின் திறப்பு கதவிலேயே தொங்க வேண்டாம், ஆனால் பெரியவர்கள் இருட்டில் எட்டி எடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

அடுக்குக் கட்டில் என்றால் மேல் தட்டு வேண்டாம், மெத்தையைத் தரையில் போட்டாலும் சரி. நுளம்பு வலையில் சிக்கி விழுகிறார்கள், மெத்தைக்கடியில் நன்றாகச் செருகுங்கள், முடிச்சுப் போடாதீர்கள். எரியும் நுளம்புத்திரி அறைத் தரையில் இருக்கவே கூடாது. மேசை விசிறியின் வயர் நடைபாதையில் கிடக்கக் கூடாது. கதவு திறந்தால் ஒலிக்கும் கருவியை வாங்கினால், சத்தம் வரும் பகுதி உங்கள் அறையில் இருக்கட்டும். அவள் காதடியில் அலறினால் வெருளுவாள்.

கேள்வி (அதே தகப்பன்): நடக்கேக்க எழுப்பினா உயிருக்கு ஆபத்தாமே?

பதில்: இல்லை. ஆனால் குழம்பி அடிப்பாள். தோளில் மெல்லக் கை வைத்துக் கட்டிலுக்குத் திருப்புங்கள். கத்தும் பிள்ளையையும் இறுக்கிப் பிடிக்காதீர்கள், உலுக்காதீர்கள், முகத்தில் தண்ணீர் தெளிக்காதீர்கள்.

கேள்வி (தெஹிவளை, பாட்டனார்): டொக்டர், இதெல்லாம் பயந்த கோளாறு. பேரனுக்குக் கோயிலில நூல் கட்டினம், அஞ்சாம் நாள் நிண்டுட்டுது.

பதில்: ஐயா, நூல் கழுத்திலா, கையிலா? கழுத்தில் என்றால் இன்றைக்கே கையில் மாற்றிக் கட்டுங்கள். புரண்டு எழும்பும் பிள்ளைக்குக் கழுத்து நூல் கட்டிலில் மாட்டும். நின்றதைப் பற்றி: இது கொத்தாக வரும், கொத்தாகப் போகும். காய்ச்சலோடும், பரீட்சை, வீடு மாறுதல் மாதிரிக் களைப்போடும் வந்து பிறகு மாதக் கணக்கில் காணாமல் போகும்.

மறுமொழி (அதே பாட்டனார்): அப்ப நீங்கள் சொல்லுற மூண்டு வாரம் எழுப்பிறதும் தானா நிண்டதா இருக்கலாம்தானே?

பதில்: இருக்கலாம். நியாயமான கேள்வி. அந்த முறைக்கு உள்ள ஆய்வுகள் சிறியவை. அதனால்தான் இரண்டு கிழமைக் கொப்பி கேட்கிறேன். தினமும், ஒரே இடைவெளியில் வந்துகொண்டிருந்தது எழுப்பத் தொடங்கியதும் நின்றால் ஒரு அர்த்தம் உண்டு. வாரம் ஒருமுறை வந்தது நின்றால் எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

மறுமொழி (பம்பலப்பிட்டி, தாய்): எனக்கு எழுப்பிற முறை சரிவரேல்லை, நாங்கள்தான் தூக்கமில்லாமல் போனம்.

பதில்: வாரம் இரண்டு மூன்று முறை வருகிற பிள்ளைக்கு அது வேண்டியதில்லை. விட்டுவிடுங்கள், படுக்கும் நேரத்தை மட்டும் பாருங்கள்.

கேள்வி (வத்தளை): என்ர பிள்ளைக்கு விடியப்புறம் 3, 4 மணிக்கு வருது, ஒரே இரவில அஞ்சாறு தரம். ஒரு நிமிஷம்தான். ஒரு கை முறுகுது.

பதில்: இதை இந்த வரிசையில் சேர்க்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் அச்சாக ஒரே மாதிரி, குறுகிய நேரம், ஒரே இரவில் பல தடவை என்றால் வலிப்பாக இருக்கலாம். அடுத்த முறை போனில் வீடியோ எடுங்கள், இந்தக் கிழமைக்குள் சிறுவர் நரம்பியல் நிபுணரிடம் காட்டுங்கள்.

கேள்வி (மட்டக்குளி): குறட்டையும் விடுறான், வாயால மூச்சு.

பதில்: டொன்சிலும் அடினொயிட்டும் பாருங்கள். மூச்சு அடைபட்டு அரைகுறையாக விழிக்கிற பிள்ளைக்கு அடைப்பை எடுத்தால் கத்தலும் போகலாம். காது மூக்கு தொண்டை நிபுணர்.

கேள்வி (கிராண்ட்பாஸ்): எங்கட பிள்ளையும் இரவில கத்துது. என்ன மருந்து குடுக்கலாம்?

பதில்: முதலாவது பதிலை வாசியுங்கள்.

கேள்வி (இரத்மலானை): டொக்டர், 5 வயசு, இரவில எழும்பி அழுகிறாள், என்ன மருந்து...

பதில்: எத்தனை மணிக்கு அயர்கிறாள், எத்தனை மணிக்கு அழுகிறாள்? இரண்டையும் எழுதாமல் கேட்பவர்களுக்கு இனிமேல் இந்தக் கேள்விதான் பதில்.

மறுமொழி (அதே இரத்மலானை): 10.30க்குப் படுப்பாள், ரிவி முடிஞ்சாப்பிறகு. 12 மணி போல அழுவாள்.

பதில்: ரிவியை 8 மணிக்கு நிறுத்துங்கள். மூன்று கிழமை கழித்து எழுதுங்கள்.