ரத்தம் ஏற்ற ஏற்ற ஏன் கசிகிறது? பேறுகால ரத்தப்போக்கு பற்றி மயக்கவியல் மருத்துவர் பதில்கள்

பயிற்சி மருத்துவர்: சார், பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பப்பை சுருங்கவில்லை. 55 கிலோ எடை. மூன்று லிட்டர் சலைன், ஆறு பேக்டு செல் கொடுத்தோம். ஹீமோகுளோபின் 9. ஆனாலும் ஊசி போட்ட இடத்திலெல்லாம் கசிகிறது. ஏன்?

சிவப்பணுக்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கொடுக்கவில்லை. பேக்டு செல் பையில் பிளாஸ்மா மிகக் கொஞ்சம், சலைனில் சுத்தமாக இல்லை.

நிறைமாதத்தில் கிலோவுக்குச் சுமார் 100 மில்லி ரத்தம் என்றால் அவருக்கு ஐந்தரை லிட்டர். நீங்கள் ஏற்றியது கிட்டத்தட்ட அதே அளவு. ஒருபக்கம் ஒழுக, மறுபக்கம் நிரப்பிக்கொண்டே போனால், ஒரு முழுச் சுற்று முடியும்போது பழைய புரதத்தில் ஏறக்குறைய 37 சதவீதம்தான் மிஞ்சும். ரத்தக்கட்டியைப் பின்னும் புரதமான ஃபைப்ரினோஜன், டெசிலிட்டருக்கு 450 மில்லிகிராமில் தொடங்கியிருந்தால் 170 பக்கம் வந்திருக்கும். கட்டியாக உறைந்து செலவானது தனி.

இன்னொன்று: லேப் தாளில் 200 முதல் 400 வரை இயல்பு என்று இருக்கும். அது கர்ப்பமில்லாதவர்களுக்கான கணக்கு. நிறைமாதத்தில் 400-க்கு மேல் இருப்பதே வழக்கம். ரத்தம் போய்க்கொண்டிருக்கும் தாய்க்கு 210 வந்தால் அதை நல்ல ரிப்போர்ட் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்டாஃப் நர்ஸ்: டாக்டர், எங்களுக்கு வந்த ஒரு கேஸில், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் பிடி, ஏபிடிடி கொஞ்சம்தான் கூடியிருந்தது. கசிவு மட்டும் நிற்கவே இல்லை. லேப் தப்பா?

லேப் சரிதான். ஆனால் அந்த மெஷின் மாதிரியை 37 டிகிரிக்குச் சூடாக்கித்தான் சோதிக்கும். உங்கள் நோயாளி அப்போது எத்தனை டிகிரியில் இருந்தார்?

ஆறு பை பேக்டு செல், நான்கு டிகிரி குளிர்பெட்டியிலிருந்து எடுத்து நேரே ஏற்றினால், 55 கிலோ உடம்பு அதனாலேயே ஒரு டிகிரிக்கு மேல் குளிரும். திறந்த வயிறு, ஏசி தியேட்டர், அறை வெப்பத்தில் இருந்த சலைன் எல்லாம் சேர்ந்தால் 34-க்குக் கீழே போவது சுலபம். அங்கே தட்டணுக்கள் சரியாக ஒட்டாது, உறையும் நொதிகளும் மந்தமாகும். அது எந்தத் தாளிலும் வராது. அதனால் வெப்பநிலையை ரத்த அழுத்தத்தோடு சேர்த்து சார்ட்டில் எழுதுங்கள்.

மற்றொரு மருத்துவர்: அமிலம்தானே அடிப்படைப் பிரச்சினை? சோடா பைகார்ப் போட்டு பிஹெச்சைத் தூக்கிவிட்டால் உறைதல் திரும்பிவிடும்.

பாதி சரி. பிஹெச் 7.2-க்குக் கீழே போனால் உறையும் நொதிகளின் வேகம் நன்றாகவே குறைகிறது. ஆனால் பைகார்ப் எண்ணைத் திருத்துமே தவிர, கெட்டுப்போன உறைதலை அப்படியே மீட்பதில்லை. திசுக்களுக்கு ஆக்சிஜன் போகாததால்தான் லாக்டேட் சேர்ந்து அமிலம் கூடுகிறது, ஒழுகும் இடத்தை அடைக்காமல் அது இறங்காது. சலைனில் உள்ள குளோரைடும் அமிலத்தைக் கூட்டுகிறது. உறைதலுக்குத் தேவையான, ரத்தத்தில் அயனியாக இருக்கும் கால்சியத்தையும் பைகார்ப் குறைக்கும். ரத்தம் உறையாமல் இருக்கப் பைகளில் சேர்த்துள்ள சிட்ரேட் ஏற்கெனவே அதைப் பிடித்துவைத்திருக்கிறது, குளிர்ந்துபோன கல்லீரல் சிட்ரேட்டை மெதுவாகத்தான் அகற்றும். நான் முதலில் பார்ப்பது கால்சியம், 1.1 மில்லிமோலுக்குக் கீழே விடமாட்டேன். பிஹெச் 7.1-க்கும் கீழே போய் இதயம் தளரும்போது நேரம் வாங்கப் பைகார்ப் கொடுப்பவர்கள் உண்டு. அதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

ஒரு வாசகர்: என் தங்கைக்கு இப்படி ஆனபோது பையை வெந்நீரில் முக்கித் தரச் சொன்னோம், மறுத்துவிட்டார்கள். வெளியே பத்துப் பேர் நின்றோம், எங்கள் ரத்தத்தைச் சூடாக நேரே ஏற்றியிருக்கலாமே?

மறுத்தது சரிதான், அம்மா. வெந்நீரில் சிவப்பணுக்கள் உடைந்து பொட்டாசியம் வெளியே வரும். அது இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். குழாய் வழியே போகும்போது சூடாக்கும் வார்மர் கருவி இருக்கிறது, அதுதான் வழி. எச்ஐவி, மஞ்சள்காமாலைக் கிருமிகள், மலேரியா, மேகநோய் பார்க்காமல் யாருடைய ரத்தத்தையும் ஏற்ற முடியாது. தங்கை இப்போது நலமா?

பயிற்சி மருத்துவர்: அப்படியானால் ஒரு பேக்டு செல்லுக்கு ஒன்று என்று பிளாஸ்மாவும் தட்டணுவும் கொடுத்தால் போதுமா சார்?

அந்த விகிதத்துக்கு ஆதாரம் விபத்துக் காயங்களில் இருந்து வந்தது. 2015-இல் வெளியான 680 பேர் ஆய்வில் மொத்த இறப்பில் தெளிவான வித்தியாசம் இல்லை, ரத்தம் வடிந்து இறந்தவர்கள் மட்டும் குறைந்தார்கள். பேறுகாலத்தில் முதலில் விழுவது பெரும்பாலும் ஃபைப்ரினோஜன். பிளாஸ்மாவிலேயே அது லிட்டருக்கு இரண்டு கிராம் அளவுதான் இருப்பதால், 200-க்கு மேல் ஏற்ற, பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த ஃபைப்ரினோஜன் செறிந்த கிரையோ வேண்டும், பெரியவர்களுக்குச் சுமார் பத்துப் பை. உறைந்த பிளாஸ்மாவை உருக்கவே அரைமணி போகும், அதனால் நாலாவது பேக்டு செல் கேட்கும்போதே ரத்த வங்கிக்குச் சொல்லிவிடுங்கள். உறைந்த கட்டி கரையாமல் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலம் ஒரு கிராம், பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள்.

லேப் தூரம் என்றால், இரண்டு மில்லி ரத்தத்தை மருந்து எதுவும் இல்லாத சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, கைக்குள் மூடிப் பிடியுங்கள். ஏழு நிமிடத்தில் கட்டவில்லை, அல்லது கட்டியது லேசாக ஆட்டியதும் உடைகிறது என்றால் உறைதல் போய்விட்டது. அப்புறம் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமலே கிரையோவை ஆரம்பிக்கலாமா என்பதில்தான் விவாதம். ஊசித் துளையில் கசிவு கண்ணுக்குத் தெரிந்தால் நான் ஆரம்பித்துவிடுவேன்.