தைரோகுளோபுலின் ஏறிவிட்டது, புற்றுநோய் திரும்பிவிட்டதா?

கேள்வி: எனக்கு வயது 41. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பாப்பில்லரி தைராய்டு புற்றுநோய்க்காக முழுச் சுரப்பியையும் எடுத்துவிட்டார்கள். 2.2 செ.மீ. கட்டி, கழுத்து நெறிக்கட்டி இரண்டில் துளியளவு பரவல். பிறகு 100 மில்லிக்யூரி கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். போன வருடம் தைரோகுளோபுலின் 0.1, டி.எஸ்.ஹெச். 0.06. நெஞ்சு படபடத்ததால் இணையத்தில் படித்துவிட்டு, 125 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரையை நானே 75 ஆக்கிக்கொண்டேன். காலையில் கால்சியமும் சேர்த்துத்தான் போடுகிறேன். முடி கொட்டுவதற்கு பயோட்டின் எடுக்கிறேன். இப்போது தைரோகுளோபுலின் 0.7, டி.எஸ்.ஹெச். 11.2. மறுபடி அயோடின் கொடுக்க வேண்டுமா? அயோடின் உப்பையும் முட்டைக்கோஸையும் இரண்டு வருடமாகத் தொடவில்லை. குழந்தையைக் கட்டிப்பிடிக்கலாமா? கழுத்தில் ஏதோ உறுத்துகிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இந்த ரிசல்ட்டை வைத்து நோய் திரும்பிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. திரும்பவில்லை என்றும் சொல்ல முடியாது. காரணம், இரண்டு ரிசல்ட்டையும் ஒப்பிடவே கூடாத நிலையில் எடுத்திருக்கிறீர்கள்.

தைரோகுளோபுலின் என்பது தைராய்டு செல்கள் மட்டுமே சுரக்கும் புரதம். அது சாதாரணச் செல்லா, புற்றுச் செல்லா என்று ரத்தப் பரிசோதனைக்குத் தெரியாது. அந்தச் செல்களை விரட்டி வேலை வாங்குவது மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் டி.எஸ்.ஹெச். ஹார்மோன். அது 0.06 இருக்கும்போது, அறுவைக்கும் அயோடினுக்கும் தப்பிக் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சநஞ்ச தைராய்டு திசு தூங்கும். 11.2 ஆனதும் அதே திசு விழித்துக்கொண்டு சுரக்கும். 0.1 என்பது 0.7 ஆக இதுவே போதும். புதிதாக ஒரு செல்கூட முளைத்திருக்க வேண்டியதில்லை. டி.எஸ்.ஹெச். அடங்கியிருக்கும்போது தைரோகுளோபுலின் 0.2க்குக் கீழே இருந்து, ஸ்கேனும் சுத்தமாக இருந்தால் நல்ல நிலை என்கிறோம். டி.எஸ்.ஹெச்.சை வேண்டுமென்றே 30க்கு மேல் ஏற்றிப் பார்க்கும்போதோ, 1க்குக் கீழே இருந்தாலே அதே நற்சான்றிதழ் கிடைக்கும். உங்கள் 11.2 இரண்டிலும் சேராது, அதனால்தான் இந்தக் குழப்பம்.

தைராய்டு மாத்திரை குறைந்தால் டி.எஸ்.ஹெச். ஏறும்; அதை ஏற்றியது நீங்கள்தான். படபடப்பு உண்மையாக இருந்திருக்கலாம், 0.06 என்பது உங்களுக்குத் தேவைக்கு மேல் அடக்கிய அளவு. நோய் இல்லாமல் தேறி வருபவருக்கு அவ்வளவு அடக்க வேண்டிய அவசியமில்லை. நாள்போக்கில் இதயத்துடிப்பு ஒழுங்கு தவறும், மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் தேயும். உங்கள் டாக்டரிடம் சொல்லியிருந்தால் 112 அல்லது 100 என்று ஒரு படி இறக்கி, டி.எஸ்.ஹெச். 0.5-க்கும் 2-க்கும் இடையில் நிற்கும்படி பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் ஒரேயடியாக 75க்கு இறங்கினீர்கள். அந்த 75-ம் முழுதாக உள்ளே போகவில்லை, கால்சியம் அதைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள். கால்சியத்துக்கும் அதற்கும் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். மதியச் சாப்பாட்டோடு கால்சியத்தை வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. கால்சியத்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அறுவைக்குப் பின் அது ஏன் தரப்படுகிறது என்பது உங்கள் டாக்டருக்குத் தெரியும்.

உங்கள் கடிதத்தில் நான் தேடிய ஒரு எண் இல்லை: தைரோகுளோபுலினுக்கு எதிராக உடம்பே உருவாக்கும் ஆன்டி-தைரோகுளோபுலின் ஆன்டிபாடி. இது இல்லாமல் தைரோகுளோபுலின் ரிசல்ட் பாதி ரிசல்ட்தான். ரத்தத்தில் இந்த ஆன்டிபாடி இருந்தால், அது தைரோகுளோபுலினைப் பிடித்து மறைத்துவிடும். லேப் மெஷின் குறைத்துக் காட்டும். அப்போது ‘0.1, எல்லாம் நலம்’ என்ற சீட்டு வெறும் ஏமாற்று. அறுவைக்குப் பிறகு தைராய்டு திசு போய்விட்டால், ஆன்டிபாடி ஆண்டுக்கு ஆண்டு மெல்ல இறங்கி மறைய வேண்டும். அது இறங்காமல் ஏறினாலோ, இல்லாத இடத்தில் புதிதாகத் தோன்றினாலோ, எங்கோ தைராய்டு திசு வளர்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். தைரோகுளோபுலின் எவ்வளவு தாழ்வாக இருந்தாலும் சரி. நீங்கள் பயப்பட ஒரு விஷயம் வேண்டுமென்றால் இதற்குப் பயப்படுங்கள். உடனே கழுத்து அல்ட்ராசவுண்டு எடுக்க வேண்டிய அறிகுறி இதுதான்.

பயோட்டினும் இங்கே வில்லன். பல லேப் மெஷின்கள் வேலை செய்வதே பயோட்டினை வைத்துத்தான். மாத்திரையாக நிறைய விழுங்கினால் அந்த மெஷின்களில் தைரோகுளோபுலின், டி.எஸ்.ஹெச். இரண்டும் உண்மையைவிடக் குறைவாக வரும். போன வருடமும் அதை எடுத்துக்கொண்டிருந்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். ரத்தம் கொடுப்பதற்கு 3 நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். முடி கொட்டுவதற்கு, டி.எஸ்.ஹெச். 11.2 இருப்பதே போதுமான காரணம்.

இனிச் செய்ய வேண்டியது: உங்கள் டாக்டரைப் பார்த்து மாத்திரை அளவைச் சரிசெய்யுங்கள். 6 முதல் 8 வாரம் பொறுங்கள், டி.எஸ்.ஹெச். ஒரு நிலைக்கு வர அவ்வளவு நாள் வேண்டும். பிறகு முன்பு எடுத்த அதே லேபில் டி.எஸ்.ஹெச்., தைரோகுளோபுலின், ஆன்டிபாடி மூன்றையும் ஒரே ரத்தத்தில் எடுங்கள். லேப் மாறினால் முறை மாறும். முறை மாறினால் எண்ணும் மாறும், அந்த வித்தியாசத்தை நோய் என்று நினைத்து அலைபவர்கள் உண்டு.

தைரோகுளோபுலின் பழையபடி 0.2க்குக் கீழே போய், ஆன்டிபாடியும் இல்லையென்றால் இந்தக் கவலையை மூடிவிடலாம். டி.எஸ்.ஹெச். இறங்கியும் அது 0.7-லேயே நின்றாலோ, ஏறிக்கொண்டே போனாலோ, ஆன்டிபாடி தலைதூக்கினாலோ அல்ட்ராசவுண்டு. உறுத்தலுக்காகவும் அதை இப்போதே ஒருமுறை எடுத்துவிடலாம், தழும்பு இழுப்பதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். தாடைக்கடியில் நீள்வட்டமாக, நடுவில் கொழுப்புக் கோடு தெரிகிற நெறிக்கட்டி சளி பிடித்தாலே வரும், விட்டுவிடுங்கள். கழுத்தின் பக்கவாட்டில் உருண்டையாக, நடுக்கோடு இல்லாமல், உள்ளே சுண்ணாம்புப் புள்ளியோ நீரோ இருந்தால் விஷயம் வேறு. அதில் ஊசி போட்டுச் செல் எடுத்த பிறகு, அந்த ஊசியை உப்புநீரில் அலசி, அலசிய நீரிலும் தைரோகுளோபுலின் பார்க்கச் சொல்லுங்கள். கழுத்து நெறிக்கட்டியில் தைராய்டுப் புரதத்துக்கு வேலையே இல்லை. அங்கே எண் எகிறினால், செல் சரியாகக் கிடைக்காத மாதிரியிலும் பதில் கிடைத்துவிடும்.

மறுபடி அயோடின்? 0.7 என்ற எண்ணுக்கு மருந்து கொடுப்பதில்லை. நோய் இருக்கும் இடம் தெரிய வேண்டும், அது அயோடினை உறிஞ்ச வேண்டும். கழுத்தில் பெரிய நெறிக்கட்டி என்றால் முதலில் கத்திதான். தேவையில்லாமல் கொடுத்தால் உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கி, வாய் வறண்டு நிற்பதுதான் மிச்சம்.

அயோடின் உப்பைத் தவிர்ப்பது, கதிரியக்க அயோடின் வாங்குவதற்கு முந்தைய ஓரிரு வாரத்துக்கு மட்டும். இரண்டு வருடமாகத் தவிர்த்ததில் பயன் ஒன்றுமில்லை. முட்டைக்கோஸ் கெடுக்கும் என்று சொல்லப்படுவது தைராய்டை. அதுதான் உங்களிடம் இல்லையே. கதிரியக்க அயோடின் 8 நாளில் பாதியாகிவிடும், உங்கள் உடம்பில் அது எப்போதோ தீர்ந்துவிட்டது. குழந்தையை இன்றைக்கே கட்டிப்பிடியுங்கள்.