பதிவான கார் பயிற்சி வகுப்பிலிருந்து என்ன குறித்துக்கொள்வது?

கேள்வி: டிரைவிங் ஸ்கூல் காரில் கற்கிறேன். டாஷ்கேமில் ஒரு மணி நேர வகுப்பு முழுவதும் குரலோடு பதிவாகிறது. லைசென்ஸ் டெஸ்டுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. இதை எப்படிச் சுருக்கி எழுதினால் உதவும்?

பதில்: முதலில் படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். முன்பக்கக் கேமராவில் உங்கள் கால்களும் கண்களும் தெரியாது. ஆனால் இண்டிகேட்டரின் டிக் டிக் சத்தம் மாஸ்டர் சொல்வதற்கு முன்னால் வந்ததா, சொன்ன பிறகுதான் வந்ததா என்பது காதுக்குத் தெரிந்துவிடும். மாஸ்டர் குரல் கொடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் நிமிடத்தைக் குறியுங்கள். அந்த இடங்களை மட்டும் படத்தோடு பார்த்தால் போதும். பிறகு தவறு, முன்னேற்றம், பழக வேண்டியது என்று மூன்று தலைப்பில் எழுதுங்கள்.

தவறை எழுதும்போது அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். உதாரணமாக 12, 27, 41-ஆம் நிமிடங்களில் இன்ஜின் அணைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘மூன்று முறை ஆஃப் ஆனது’ என்று எழுதினால் என்ன பழகுவது என்றே தெரியாது. படத்தைப் பாருங்கள். மூன்றும் ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது நடந்தவை. அணைவதற்கு முன் எதிரே உள்ள காட்சி கொஞ்சம் விலகிப் போகிறது, அதாவது வண்டி பின்னால் உருண்டிருக்கிறது. அந்தப் பதற்றத்தில் கிளட்சைச் சட்டென்று விட்டிருக்கிறீர்கள். ஆகவே எழுத வேண்டியது இது: ‘ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் போடாமல் கிளம்பினேன், உருண்டது, கிளட்சை விட்டேன்.’ மூன்று தவறு ஒன்றாகிவிட்டது.

முன்னேற்றம் என்ற தலைப்பில் எழுதும்போது கறாராக இருங்கள். மாஸ்டர் சொல்லாமலே நீங்கள் சரியாகச் செய்ததை மட்டும் அதில் சேருங்கள். ‘செகண்ட் போடுங்க’ என்று அவர் சொன்ன பிறகு போட்ட கியர் கணக்கில் வராது. அவர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருப்பதால், அழகாக நின்ற இடத்தில் மிதித்தது யார் என்பதைப் பதிவு காட்டாது. வகுப்பு முடிந்த உடனே அவரிடமே கேட்டுவிடுங்கள்.

என்ன பழகுவது என்பதை டெஸ்டோடு பொருத்திப் பாருங்கள். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 15-ஆம் விதி, ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளம்பிக் காட்ட வேண்டும் என்கிறது. அதனால் மேலே சொன்ன தவறுதான் பட்டியலில் முதலில் வரும். அடுத்த வகுப்பில் மாஸ்டரை ஒரு மேட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து ஃபர்ஸ்ட் கியர் போடுங்கள். கிளட்சை மெல்ல விட்டு, இன்ஜின் சத்தம் அடங்கி முன்பக்கம் லேசாகத் தூக்கும் ஹாஃப் கிளட்சில் காலை நிறுத்துங்கள். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, அப்புறம் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். அவர் வாய் திறக்காமல் தொடர்ந்து ஐந்து முறை வந்தால் இந்த வரியை முன்னேற்றத்துக்கு மாற்றலாம். ஒரு முறை உருண்டாலும் அது தவறிலேயே இருக்கட்டும்.