நான்காம் ஆண்டுக் கணிதம்: 'என்னால் முடியும்' பட்டியல்

//சுங்கை சிப்புட் தோட்டப்பள்ளியில் படிப்பிக்கிறேன். கற்றல் தரங்களை 'என்னால் முடியும்' வாக்கியங்களாக்கிக் கொடுத்தேன். எல்லாப் பிள்ளைகளும் 'மிக நன்று' கட்டத்திலேயே அடிக்கிறார்கள். என்ன செய்வது?//

வணக்கம் டீச்சர். பிள்ளைகள் பொய் சொல்லவில்லை, வாக்கியம்தான் அகலமாக இருக்கும். '100,000க்குள் கூட்ட முடியும்' என்றால் யாரும் முடியும் என்றுதான் அடிப்பார்கள். அதை உடையுங்கள்:

'34,608, 5,297 இரண்டையும் இடமதிப்பு பிசகாமல் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத முடியும்.'
'எடுத்துச்செல்லும் எண்ணை விடாமல் கூட்ட முடியும்.'
'விடையை முன்கூட்டியே அனுமானித்து ஒப்பிட முடியும்.'

முதல் வாக்கியத்திலேயே சிலர் மாட்டுவார்கள். 5ஐ 3க்குக் கீழே எழுதிவிடுவார்கள். 'புரிகிறது', 'தெரியும்' போன்ற சொற்கள் வேண்டாம், கண்ணால் பார்க்க முடியாது.

கட்டங்களில் 'நன்று, மிக நன்று' எடுத்துவிட்டு, 'உதவியோடு', 'குறிப்பைப் பார்த்து', 'தனியாக' என்று போடுங்கள். பக்கத்தில் ஒரு கணக்கு. அதைச் செய்த பிறகுதான் அடிக்க வேண்டும். இவற்றுக்குப் பிறகு கடைசியாக ஒரு கட்டம், அது நீங்கள் நிரப்ப. விடை 39,905 வராமல் 'தனியாக' என்று அடித்திருந்தால், அந்தப் பிள்ளையோடுதான் முதலில் உட்கார வேண்டும்.

ஆறு அடைவுநிலைகளை இதில் கொண்டுவராதீர்கள், அவை உங்கள் பதிவேட்டுக்கு. மதிப்பெண் வாடை அடித்தால் மறுபடியும் எல்லாம் 'தனியாக' ஆகிவிடும். ஒரு தாளுக்கு ஆறேழு வாக்கியம் போதும்.