சாயும் டிவி ஸ்டாண்டு: ஸ்க்ரூவை முறுக்கும் முன் சுவரைப் பாருங்கள்

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் 43 அங்குல டிவி வாங்கினோம். முன்னால் இழுத்துத் திருப்பக்கூடிய ஸ்டாண்டில், நிறுவனத்திலிருந்து வந்தவரே சுவரில் மாட்டிக் கொடுத்தார். இப்போது டிவி முன்பக்கம் சாய்ந்திருக்கிறது, தொட்டால் ஆடுகிறது. மேல் ஸ்க்ரூவை முறுக்கினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவில்லை. தீக்குச்சியைத் திணித்து முறுக்கினால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். செய்யலாமா? மாட்டியவரிடம் பொறுப்புக் கேட்க முடியுமா?
– வாசகி, சென்னை

பதில்: தீக்குச்சி வேண்டாம். முதலில் டிவியை இறக்கி வையுங்கள். இரண்டு பேர் சேர்ந்து தூக்குங்கள். அதுவரை ஸ்டாண்டை முன்னால் இழுக்காமல் சுவரோடு ஒட்டி மடக்கியே வைத்திருங்கள். ஏன் என்பது ஒரு சின்னக் கணக்கில் புரிந்துவிடும்.

43 அங்குல டிவி 9 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சுவரில் பதிந்திருக்கும் தகட்டின் மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் ஸ்க்ரூவுக்கும் இடையே 15 செ.மீ. இருக்கிறது. ஸ்டாண்டு மடங்கியிருக்கும்போது டிவி சுவரிலிருந்து சுமார் 6 செ.மீ. தள்ளி நிற்கும். அப்போது மேல் ஸ்க்ரூவைச் சுவரிலிருந்து வெளியே பிடுங்கும் விசை 9 × 6 ÷ 15, அதாவது நான்கு கிலோவுக்கும் குறைவு. அதே டிவியை 40 செ.மீ. முன்னால் இழுத்தால் 9 × 40 ÷ 15, அதாவது 24 கிலோ. எடை மாறவில்லை, பிடுங்கும் விசை ஏறக்குறைய ஏழு மடங்காகிவிட்டது. டிவியைத் திருப்பும்போது நம் கை கொடுக்கும் இழுப்பு இதற்கு மேல். இந்த வகை ஸ்டாண்டில் வழக்கமாக முதலில் தளர்வது மேல் ஸ்க்ரூதான். கீழ் ஸ்க்ரூ பெரும்பாலும் சுவரை அழுத்திக்கொண்டிருப்பதால் கெட்டியாகவே இருக்கும். அதைத் தொட்டுப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

டிவியை இறக்கிய பிறகு தகட்டின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு காகிதத்தைச் செருகிப் பாருங்கள். காகிதம் நுழையாமல் தகடு ஒட்டியிருந்தால், ஆட்டம் ஸ்டாண்டின் மூட்டில்தான் இருக்கிறது. சாய்வு போல்ட்டை ஸ்பேனரால் இறுக்கினால் வேலை முடிந்தது. உங்கள் ஸ்க்ரூ சும்மா சுற்றுகிறது என்பதால் காகிதம் நிச்சயம் நுழையும் என்று நினைக்கிறேன். ஸ்க்ரூவோடு சேர்ந்து உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கிரிப்பும் சுற்றுகிறது, அல்லது அதைச் சுற்றியிருந்த சுவர் பொடிந்துவிட்டது. இரண்டிலும் ஸ்க்ரூவை மேலும் முறுக்குவது துளையைப் பெரிதாக்கும் வேலை மட்டுமே. தீக்குச்சி துளையின் வாயருகே கொஞ்ச நேரம் பிடிப்பதுபோல் காட்டும். உள்ளே இருக்கும் பொடியை அது என்ன செய்யும்?

இனி சுவர். கிரிப்பை வெளியே எடுத்து அதன் நீளத்தை அளந்து பாருங்கள். ஸ்டாண்டுப் பெட்டியில் வருபவை பெரும்பாலும் குட்டையானவை, 40 மி.மீ. அளவில் இருக்கும். நம் வீடுகளில் உட்சுவர்ப் பூச்சு மட்டுமே 12 முதல் 20 மி.மீ. வரை இருக்கிறது. ஆக, கிரிப்பின் மூன்றில் ஒரு பங்கு, சில இடங்களில் பாதிகூட, வெறும் பூச்சில் நிற்கிறது. பூச்சு எடை தாங்குவதற்காகப் போடப்பட்டதல்ல. விரல் முட்டியால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் பூச்சு சுவரை விட்டு விலகியிருக்கிறது. அந்த இடத்தில் எந்த ஸ்க்ரூவும் நிற்காது. சுவருக்குப் பின்னால் குளியலறை இருந்து, பெயின்ட் உப்பியோ வெள்ளையாக உப்புப் பூத்தோ இருந்தாலும் அப்படித்தான். முதலில் கசிவை நிறுத்த வேண்டும், டிவி பிறகு.

சுவர் எதனால் ஆனது என்பதைத் துளையிலிருந்து வரும் பொடியே சொல்லிவிடும். மெல்லிய ஸ்க்ரூ டிரைவரைத் துளைக்குள் விட்டுச் சுரண்டி வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். புதுத் துளை போடும்போது டிரில் எப்படி இறங்குகிறது என்பதையும் கவனியுங்கள். சிவப்புப் பொடி என்றால் செங்கல். டிரில் தயங்கித் தயங்கி இறங்கி, சாம்பல் நிறத்தில் நைசான பொடி வந்தால் கான்கிரீட் தூண். சாம்பல் நிறப் பொடி வந்தாலும் டிரில் சுலபமாக இறங்கினால், இரண்டு செங்கலுக்கு நடுவே இருக்கும் சாந்தில் துளை விழுந்திருக்கிறது. சற்று மேலோ கீழோ தள்ளிச் செங்கலின் நடுவில் போட வேண்டும். திடீரென்று டிரில் உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக். விரலில் தேய்த்தால் மாவுபோல் இருக்கும் வெளிர் பொடி ஏராளமாக வந்தால் ஏ.ஏ.சி. பிளாக், அதாவது கொத்தனார்கள் லைட் வெயிட் பிளாக் என்று சொல்லும் கல். ஒரு எச்சரிக்கை: மேலே ஜிப்சம் பூச்சு இருந்தாலும் முதல் ஒன்றரை செ.மீ. வரை வெள்ளைப் பொடிதான் வரும். ஆகவே துளையின் அடியிலிருந்து எடுத்த பொடியை வைத்து முடிவு செய்யுங்கள்.

சென்னையில் புதிதாகக் கட்டப்பட்ட அடுக்குமாடி என்றால் உங்களுடையது ஏ.ஏ.சி. சுவராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. செங்கல் சுவரில் 8 மி.மீ. கிரிப் போட்டுப் பழகிய கை, அதே வேகத்தில் இதிலும் டிரில்லை இடித்துத் துளைக்கும் ஹேமர் முறையில் வைத்துத் துளை போட்டுவிடுகிறது. அந்த அதிர்வில் துளை உள்ளே பொடிந்து அகன்றுவிடும். அன்றைக்கு இறுகியதுபோல் இருக்கும், சில மாதங்களில் தளரும். "பெரிய இரும்பு ஆங்கர் போல்ட் போட்டுவிடலாம்" என்று யாராவது சொன்னால் அதற்கும் தலையாட்டாதீர்கள். விரிந்து பிடிக்கும் இரும்பு ஆங்கர் கான்கிரீட்டுக்கு ஏற்றது. ஏ.ஏ.சி.யில் அது விரியும்போது கல்லையே நொறுக்கும். செங்கலின் ஓரத்தில் போட்டாலும் வெடிப்பு விடும்.

ஏ.ஏ.சி. சுவர் என்று தெரிந்துவிட்டால் நான் தேர்ந்தெடுப்பது இந்த வழியை. 18 மி.மீ. பிளைவுட்டில் 60 × 40 செ.மீ. பலகை ஒன்று வெட்டுங்கள். 43 அங்குல டிவி ஏறக்குறைய 96 செ.மீ. அகலம் இருப்பதால் நேராகப் பார்ப்பவருக்குப் பலகை தெரியாது. ஸ்டாண்டுத் தகட்டைப் பலகையில் வெறும் மர ஸ்க்ரூவால் பிடிக்காமல், பலகையின் பின்பக்கமிருந்து 8 மி.மீ. போல்ட்டுகளைச் செலுத்தி முன்பக்கம் வாஷர், நட்டு வைத்து இறுக்கச் சொல்லுங்கள். போல்ட் தலை பலகைக்குள் புதைந்திருந்தால்தான் பலகை சுவரோடு ஒட்டி உட்காரும். பிறகு பலகையைச் சுவரில் ஆறு இடத்தில் பிடிக்க வேண்டும்: மேலே மூன்று, கீழே மூன்று.

பழைய கணக்கை இதற்கும் போட்டுப் பாருங்கள். இப்போது மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் இடைவெளி 34 செ.மீ. டிவி பலகையின் தடிமனோடு சேர்த்து 42 செ.மீ. முன்னால் நிற்கும். 9 × 42 ÷ 34 என்றால் 11 கிலோ. அதை மூன்று ஸ்க்ரூக்கள் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றுக்கும் நான்கு கிலோவுக்கும் குறைவுதான்.

அந்த ஆறு இடத்துக்கும் ஏ.ஏ.சி. கல்லுக்கென்றே வரும் நைலான் பிளக்கை வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் "ஏ.ஏ.சி. பிளாக்குக்கு" என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும், வெறுமனே கிரிப் என்றால் வழக்கமான குட்டைக் கிரிப்தான் கைக்கு வரும். ஹேமரை அணைத்துவிட்டு, பாக்கெட்டில் அச்சிட்ட அளவு டிரில் பிட்டால் சுற்றி மட்டுமே துளை போடுங்கள். துளை பிளக்கைவிட ஒரு செ.மீ. ஆழமாக இருக்கட்டும். உள்ளே இருக்கும் பொடியை ஊதி வெளியேற்றுங்கள். பொடி தங்கினால் பிளக் வழுக்கும். ஸ்க்ரூவின் நீளம் என்பது பலகையின் தடிமன், பூச்சு, பிளக்கின் பிடிப்புப் பகுதி மூன்றையும் கூட்டி, அதற்கு மேல் அரை செ.மீ. ஆனால் அறைகளைப் பிரிக்கும் உட்சுவர் பல குடியிருப்புகளில் நான்கு அங்குலம்தான். அதில் சுவருக்குள் 8 செ.மீ.க்கு மேல் போனால் அடுத்த அறையின் பூச்சு பெயர்ந்து விழலாம்.

ஹாலோ பிளாக் என்றாலும் பலகை யோசனை பொருந்தும். ஆனால் அங்கே வலைக்கூட்டோடு கெமிக்கல் ஆங்கர் போட வேண்டும், அது பழகிய ஆள் செய்யும் வேலை. செங்கல் சுவர், பூச்சும் நன்றாக இருக்கிறது என்றால் இவ்வளவு தேவையில்லை. பழைய துளையிலிருந்து ஐந்து செ.மீ.யாவது தள்ளி, செங்கலின் நடுவில், 10 மி.மீ. அகலமும் 60 மி.மீ.க்குக் குறையாத நீளமும் உள்ள நைலான் பிளக் போதும். பழைய துளையைச் சிமென்ட் வைத்து அடைத்துவிடுங்கள். அதிலேயே திரும்பப் போடும் சபலம் வேண்டாம்.

எந்தச் சுவராக இருந்தாலும் துளை போடும் முன் மெயினை அணைத்து, ஸ்விட்ச் பெட்டிக்கும் டிவி பாயிண்ட்டுக்கும் நேர் மேலே, நேர் பக்கவாட்டில் துளை போடுவதைத் தவிருங்கள். வயர் குழாய் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும். டிரில்லுக்கு அணைத்த மெயினிலிருந்து மின்சாரம் வராது என்பதால் பேட்டரி டிரில் வைத்திருப்பவரைக் கூப்பிடுவது நல்லது.

டிவியை மாட்டும் முன் ஒரு சோதனை. ஸ்டாண்டில் அச்சிட்டிருக்கும் தாங்கும் எடை 25 கிலோ அல்லது அதற்கு மேல் என்றால், ஸ்டாண்டின் கையை முழுதாக முன்னால் இழுத்து, 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். கேன் தரைக்கு ஒரு சாண் உயரத்தில் இருந்தால் போதும், விழுந்தாலும் தரை தப்பும். தொங்கவிடும் முன் பலகையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மேல் விளிம்பில் காகிதம் நுழையவில்லை, கோடும் விலகவில்லை என்றால் டிவியை மாட்டலாம்.

பொறுப்பு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கேட்க முடியும். மாட்டிக் கொடுத்ததும் ஒரு சேவைதான். சுவருக்குப் பொருந்தாத கிரிப்பைப் போட்டது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சொல்லும் சேவைக் குறைபாடு என்று வாதிடலாம். அதற்கு நீங்கள் இப்போதே செய்ய வேண்டியது, எதையும் கழற்றும் முன் இடைவெளி தெரியும்படி படம் எடுப்பது, கழன்று வந்த கிரிப்பை அளவுகோல் பக்கத்தில் வைத்து இன்னொரு படம் எடுப்பது, மாட்டியதற்கான ரசீதையோ குறுஞ்செய்தியையோ தேடி எடுப்பது. அந்தப் படங்களோடு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். வெறும் தொலைபேசிப் பேச்சைப் பின்னால் நிரூபிப்பது கடினம். "சுவர் சரியில்லை" என்று பதில் வரலாம். சுவரைப் பார்த்து அதற்கேற்ற கிரிப் போடுவதுதான் மாட்ட வந்தவரின் வேலை என்று திருப்பி எழுதுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பலனில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

ஸ்டாண்டை நீங்களே தனியாக வாங்கி, தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டியிருந்தால் இந்த வழி கடினம். டிவி விழுந்து திரை உடைந்தால் அதைப் பெரும்பாலான வாரண்டிகள் ஏற்பதில்லை என்பதால், நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருக்கும் நாட்களில் டிவி மேசைமேல் இருக்கட்டும்.