சிசேரியன் குழந்தைக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?

"கிருஷ்ணகிரியில் அண்ணிக்கு வலி வருமுன்பே சிசேரியன். குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது, நுரையீரலில் தண்ணீர் என்கிறார்கள். பனிக்குடத் தண்ணீரைக் குடித்துவிட்டதா?"

இல்லை. அது நுரையீரலே சுரந்த நீர். வயிற்றில் இருக்கும்வரை அதுதான் காற்றறைகளை விரித்து வைத்திருக்கும். பிரசவ வலி தொடங்கியதும் குழந்தையின் உடலில் அட்ரினலின் எகிறும். உடனே காற்றறைச் சுவர்கள் சுரப்பதை விட்டு, சோடியத்தை உள்ளிழுக்கும். உப்பின் பின்னால் நீரும் போகும். பிறக்கும் வழியில் மார்பு பிழியப்பட்டு நீர் வெளியேறுவதாகச் சொல்வார்கள், அதன் பங்கு கொஞ்சம்தான்.

மிச்ச நீரை முதல் மூச்சுகள் சுவருக்கு அப்பால் தள்ளும். அழும்போது குரல்வளை பாதி மூடி, காற்று உள்ளேயே தங்கும். சர்பாக்டன்ட் என்ற வழுக்குப் படலம் அறைகள் மறுபடி ஒட்டாமல் காக்கும்.

வலியே வராததால் உங்கள் குழந்தைக்கு முதல் படி தாமதம், அவ்வளவுதான். பெரும்பாலும் 2, 3 நாளில் சரியாகிவிடும். தருமபுரியில் எங்கள் வார்டில் முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுவோம்: தூங்கும்போதும் 60-க்கு மேல் போனால் கண்காணிப்பு. முனகல், விலா உள்வாங்குதல், உதடு நீலம் தெரிந்தால் தொற்றா, சர்பாக்டன்ட் குறைவா என்று டாக்டர் உடனே பார்க்க வேண்டும். அப்புறம், மூச்சு வேகமாக இருக்கும்போது நீங்களாகப் பால் புகட்டாதீர்கள், புரையேறும்.